பெரியப்பாவின் ஆல்பத்தில் ஊர் தேடிய ஞாயிற்றுக்கிழமைகள்

பெரியப்பா பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்தவர். அவர் போன பிறகு உறையூர் வீட்டைக் காலி செய்தபோது, பரணில் ஒரு தகரப் பெட்டிக்குள் பழைய வேட்டியில் சுற்றி ஒரு ஆல்பம் கிடைத்தது. கறுப்புத் தாள்கள், இடையிடையே பட்டர் பேப்பர், மூலைகளில் செருகிய சின்னச் சின்னச் சதுரப் படங்கள். மொத்தம் 68. ரயில்வே பாஸ் கையில் இருந்ததால் பெரியப்பா நிறைய ஊர் சுற்றியிருக்கிறார், எல்லா இடத்திலும் படம் எடுத்திருக்கிறார். எங்கே எடுத்தது என்று மட்டும் எதிலும் எழுதி வைக்கவில்லை.

அப்பாவுக்கு அந்த வாரம்தான் இரண்டாவது கண்ணிலும் புரை எடுத்து முடித்திருந்தார்கள். வெளியே போகக்கூடாது, குனியக்கூடாது என்று வீட்டில் உட்கார்ந்திருந்தார். என் மகளுக்கு ஒன்பது வயது, முழுப்பரீட்சை லீவு. இரண்டு பேர் நடுவில் ஆல்பத்தை வைத்தேன். ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் ஓடின. என்ன செய்தோம், எங்கே தப்பு செய்தோம் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். இப்படி ஒரு ஆல்பம் பல வீட்டுப் பரணில் இருக்கும், ஊர் சொல்லக்கூடிய ஒருவரும் அந்த வீட்டில் இன்னும் இருப்பார்.

முதலில் என் தப்பு. படங்களின் பின்பக்கம் ஏதாவது எழுதியிருக்குமா என்று பார்க்கும் அவசரத்தில் ஒவ்வொன்றாக எடுக்க ஆரம்பித்தேன். மூன்று பக்கம் சுலபமாக வந்தது. காகித மூலைகளில் செருகியிருந்தவை அவை. நாலாவது பக்கத்தில் இரண்டு படங்களை யாரோ மைதாப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். தலைமுடி உலர்த்தியை வைத்துச் சூடுகாட்டினால் பசை விட்டுவிடும் என்று நினைத்தேன். மைதாப் பசை சூட்டுக்கு இளகாது, இன்னும் இறுகும். படத்தின் மேல் இருப்பது ஜெலட்டின் படலம். அது காய்ந்து சுருங்கி, ஒரு கல்யாண ஊர்வலத்தின் குறுக்கே மெல்லிய விரிசல்கள் விட்டது. அந்தப் படம் இனி அப்படித்தான் இருக்கும்.

அதோடு நிறுத்தினேன். இன்னொரு தப்பும் செய்திருந்தேன். எடுத்த மூன்று பக்கப் படங்களையும் மேசையில் ஒன்றாகக் குவித்திருந்தேன், எது எந்தப் பக்கத்தில் எந்த இடத்தில் இருந்தது என்ற கணக்கு போய்விட்டது. படம் ஒட்டியிருந்த இடத்தில் கறுப்புத் தாள் வெளுக்காமல் இருந்தது, மூலைகளின் அளவும் கொஞ்சம் உதவியது. அதை வைத்துத் திரும்ப அடுக்க ஒரு முழுச் சாயங்காலம் ஆனது. அதற்கப்புறம், எதையும் தொடும் முன்னால் ஒவ்வொரு பக்கத்தையும் அப்படியே மொபைலில் படம் எடுத்துவிட்டு, பக்க எண், இட எண் இரண்டையும் நோட்டில் குறித்தேன். ஆல்பத்தில் படங்கள் இருக்கும் வரிசையே ஒரு சாட்சி என்பது அப்போது எனக்குத் தெரியாது. பின்னால் அது இரண்டு ஊர்களைக் காட்டிக்கொடுத்தது.

ஒட்டியிருந்த இன்னொரு படத்தின் அடியில் பல் இடுக்கில் விடும் நூலை மெழுகு பூசாததாகப் பார்த்து வாங்கி நுழைத்து, ரம்பம் இழுப்பது போல மெதுவாக இழுத்தேன். கறுப்புத் தாளின் ஒரு பொருக்கு படத்தோடு வந்தது, படம் பத்திரம். நூல் நுழையாத மூன்று படங்களை அப்படியே விட்டோம். பட்டர் பேப்பர் படத்தின் முகத்திலேயே ஒட்டிக்கொண்ட இடத்தையும் தொடவில்லை. அங்கே இழுத்தால் காகிதத்தோடு முகமும் வந்துவிடும்.

பெரியப்பாவிடம் இருந்தது ஆக்ஃபா கிளிக் 3. 120 ரோல் போட்டால் பன்னிரண்டு சதுரப் படம். பெரும்பாலான வீடுகளைப் போல அவரும் பெரிதாக்கி அச்சிடவில்லை. நெகட்டிவையே தாளின் மேல் வைத்து ஒளி காட்டி எடுத்த அச்சுகள்தான் இவை. அதனால் படம் ஒவ்வொன்றும் ஆறு சென்டிமீட்டர்கூட இல்லை. பார்க்கச் சின்னதாக இருந்தாலும் உள்ளே விஷயம் நிறைய இருக்கும், ஏனென்றால் நெகட்டிவில் இருந்த அளவே அப்படியே தாளில் இறங்கியிருக்கிறது. ஸ்கேனரை 1200 டிபிஐயில் வைத்தேன். படத்தின் அகலத்துக்கு மட்டும் 2600 புள்ளிக்கு மேல் கிடைத்தது. நகம் அளவு முகம் லேப்டாப் திரையில் உள்ளங்கை அளவுக்கு வந்தபோது அப்பா நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். ஒரு குறை உண்டு. அந்தக் கேமராவின் லென்ஸ் ரொம்பச் சாதாரணம், நடுவில்தான் தெளிவு. ஓரத்தில் இருக்கும் போர்டுகள் பெரிதாக்கப் பெரிதாக்கக் குழையும். இது ஏன் முக்கியம் என்பது கீழே வரும்.

படத்தின் பின்பக்கத்துக்கு ஸ்கேனர் உதவவில்லை. ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, மொபைல் டார்ச்சை மேசையோடு மேசையாகப் படுக்க வைத்துப் பக்கவாட்டில் ஒளி விட்டோம். கண்ணுக்கே தெரியாமல் அழிந்துபோன பென்சில் எழுத்தின் பள்ளம் நிழலாக எழுந்து வந்தது. "தாத்தா, அஞ்சு, அஞ்சு!" என்று மகள் கத்தினாள். ஸ்டுடியோக்காரர்கள் ரோலில் அந்தப் படம் எத்தனையாவது என்று போட்ட எண் அது. இருபத்தேழு படங்களில் இப்படி எண் கிடைத்தது. ஐந்துக்குப் பக்கத்தில் நாலும் ஆறும் எங்கே என்று தேடினால் ஒரே பயணத்தின் படங்கள் சேர்ந்துவிடும்.

சரி, ஊர் கண்டுபிடிக்கும் ஆட்டம். முதல் நாள் நான் அப்பாவிடம் ஒரு படத்தை நீட்டி, "இது எந்த ஊருப்பா?" என்று கேட்டேன். அவர் உடனே ஒரு ஊரைச் சொன்னார். அடுத்த படத்துக்கும் உடனே சொன்னார். அதற்கப்புறம் மகள் என்ன காட்டினாலும், சொன்ன ஊருக்கு ஏற்றபடிதான் அவருக்குப் படம் தெரிந்தது. மகளும் தாத்தா சொன்னதையே திருப்பிச் சொன்னாள். அது சரிப்படவில்லை.

அதனால் இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு துண்டுச் சீட்டு கொடுத்தேன். படத்தை இரண்டு நிமிஷம் பார்க்க வேண்டும், பேசக்கூடாது. முதலில் படத்தில் என்னென்ன இருக்கிறது என்று எழுத வேண்டும். அதற்குக் கீழேதான் ஊர். அதற்கும் கீழே, எதை வைத்துச் சொல்கிறோம் என்று ஒரு வரி. அப்புறம் சீட்டை மாற்றிக்கொண்டு படிப்பார்கள். அப்பாவின் சீட்டில் "பார்த்தது" பகுதி எப்போதும் சின்னதாக இருக்கும், "ஊர்" பெரிதாக இருக்கும். மகளுடையது நேர்மாறாக இருக்கும்: மூன்று நாய், ஒரு சைக்கிள், செருப்பில்லாத பையன், ஊர் தெரியாது. இரண்டு சீட்டும் சேர்ந்தபோதுதான் வேலை நடந்தது. ஒவ்வொரு படத்துக்கும் கடைசியில் உறுதி, இருக்கலாம், தெரியாது என்று மூன்றில் ஒன்றைப் போடுவோம். உறுதி என்று போட, நினைவைத் தவிர வேறு ஒரு ஆதாரமும் வேண்டும் என்பது மகள் வைத்த சட்டம்.

ஒரு கடற்கரைப் படத்தில் தூரத்தில் ஒரு பாறை. கரையில் குடும்பம் நிற்கிறது. மகளின் சீட்டில், "கன்னியாகுமரி இல்லை. திருவள்ளுவர் இல்லை" என்று இருந்தது. அப்பாவின் சீட்டில் "கன்னியாகுமரி" என்று மட்டும். அப்பா சிரிக்கவில்லை, அது எனக்குப் பிடித்திருந்தது. "நீ சொல்ற காரணம் சரிதான் கண்ணு. ஆனா அந்தச் சிலை வந்ததே 2000 ஜனவரி 1-லதான். அதுக்கு முன்னாடி நான் எத்தனை தடவை போயிருக்கேன், வெறும் பாறைதான்" என்றார். மகள் விடவில்லை. "அப்போ பக்கத்துல விவேகானந்தர் மண்டபம்?" பாறையில் அதுவும் இல்லை. அது திறக்கப்பட்டது 1970-இல். படத்தின் இடது ஓரத்தில் குழைந்து தெரிந்த கோபுரம் போன்ற ஒன்றை அப்பா காட்டினார். காந்தி மண்டபம். அதன் ஒடிசா பாணி உச்சி ஓரக் குழைவிலும் அடையாளம் தெரிந்தது. அது 1956-இல் கட்டியது. ஆக ஊரும் கிடைத்தது, 1956-க்குப் பின், 1970-க்கு முன் என்று காலமும் கிடைத்தது.

இதில் ஒரு எச்சரிக்கை உண்டு. ஒன்று படத்தில் இல்லை என்பதை வைத்துக் காலம் சொல்வதென்றால், அது இருந்திருந்தால் கட்டாயம் சட்டத்துக்குள் விழுந்திருக்க வேண்டும். இங்கே பாறை முழுதாகத் தெரிந்ததால் சொல்ல முடிந்தது. கடலின் வேறு மூலையைப் பார்த்த படமாக இருந்தால், சிலை இல்லாததற்கு ஒரு அர்த்தமும் கிடையாது.

இன்னொன்று, கோபுரமே இல்லாத ஒரு மாபெரும் கல் வாசல். மகள் "இடிஞ்ச கோட்டை" என்று எழுதியிருந்தாள். அப்பா எழுதியது, "மொட்டைக் கோபுரம், ஸ்ரீரங்கம்." திருச்சிக்காரர்களில் ஐம்பது வயது தாண்டியவர்களுக்கு இது தெரியும். இப்போது பதின்மூன்று நிலையோடு 236 அடிக்கு நிற்கும் ராஜகோபுரம் 1987-இல்தான் முழுமையானது. அதற்கு முன் சில நூற்றாண்டுகளாக வெறும் கல் அடித்தளம்தான், அதன் வழியாகத்தான் ஊருக்குள் போக வேண்டும். "அப்போ உறுதி போடலாமா?" என்று கேட்டேன். மகள் மறுத்தாள். தாத்தாவின் நினைவு ஒன்றுதானே இருக்கிறது. அவள் மறுத்தது நியாயம்தான். மதுரையிலும் புதுமண்டபத்துக்குப் பக்கத்தில் முடிவடையாத ராயகோபுரம் ஒன்று இன்றும் நிற்கிறது.

டாக்டர் வெளியே போகலாம் என்று சொன்ன மறுநாள், படத்தைத் தாளில் பெரிதாக அச்செடுத்துக்கொண்டு மூவரும் ஸ்ரீரங்கம் போனோம். கல் பகுதி அப்படியேதான் இருக்கிறது, மேலே மட்டும் நிலைகள் ஏறியிருக்கின்றன. மகள் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் நடந்து, அரைத்தூண்களையும் அவற்றுக்கு நடுவில் உள்ள மாடங்களையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். பூக்கடைக்காரர் ஒருவர் எழுந்து வந்து தாளைப் பார்த்தார், பிறகு கோபுரத்தைப் பார்த்தார், ஒன்றும் பேசாமல் திரும்பப் பார்த்தார். வாசலின் ஒரு பக்கத்து மாடத்தில் உடைந்துபோன விளிம்பு இரண்டிலும் ஒரே இடத்தில் இருந்தது. அங்கேயே நின்று மகள் சீட்டில் உறுதி என்று எழுதினாள்.

நாலாவது ஞாயிறு எடுத்த படம்தான் எங்களை ஒரு வாரம் முழுக்கப் பிடித்துவைத்தது.

சின்ன ரயில் நிலையம். பின்னால் மரங்கள் அடர்ந்த சரிவு. மலை ரயிலின் சிறிய பெட்டிகள். முன்னால் நாலு பேர்: பெரியப்பா படம் எடுக்கிறார் போல, அவர் இல்லை. பெரியம்மா, அப்பா, அம்மா, யாரென்று தெரியாத ஒரு பெரியவர். அம்மா போய் நாலு வருஷம் ஆகிறது. படத்தில் அவருக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். 1968-இல் கல்யாணம், மறுவருஷம் அண்ணன் குடும்பத்தோடு ஊட்டிக்குப் போனோம் என்று அப்பா சொன்னார். அந்தப் பயணத்தின் படம் இது ஒன்றுதான் கிடைத்திருக்கிறது.

அப்பா சீட்டில் "குன்னூர் ஸ்டேஷன்" என்று எழுதினார். காரணம்: "அங்கே இறங்கிக் காபி குடித்தோம்." மகள் சீட்டில் ஒன்பது வரி. அதில் ஐந்தாவது வரி, "ரெண்டு தண்டவாளத்துக்கு நடுவுல பல்லு வச்ச கம்பி."

நான் திரையில் பெரிதாக்கினேன். படத்தின் நடுப்பகுதி, நல்ல தெளிவு. தண்டவாளங்களுக்கு நடுவில் பக்கம் பக்கமாக இரண்டு பல் பட்டைகள். ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றொன்றின் பள்ளம் வரும்படி மாற்றி வைத்திருந்தது. நீலகிரி மலை ரயிலில் செங்குத்தான ஏற்றத்தில் எஞ்சினின் பற்சக்கரம் பிடித்து ஏறுவதற்கான பாதை இது. மேட்டுப்பாளையத்தில் கிளம்பும் ரயிலுக்கு இது ஆரம்பத்திலேயே கிடையாது. கல்லாறு தாண்டியதும் தொடங்கி குன்னூர் வரைதான் இருக்கும். குன்னூருக்கு மேலே ஊட்டி வரை ஏற்றம் மிதமானது, பல் பட்டை தேவையில்லை. ஆக, படம் கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடைப்பட்டது. குன்னூராக இருக்குமோ என்று அப்பாவுக்காக ஒரு சந்தேகம் வைத்தோம். ஆனால் குன்னூர் பெரிய நிலையம். படத்தில் இருப்பது ஒரு ஓட்டுக் கட்டடம், அதற்கப்புறம் காடு.

நீராவி எஞ்சினின் ஒரு மூலையும் தெரிந்தது. அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியவில்லை. இப்போது குன்னூருக்கு மேல் டீசல் எஞ்சின், கீழே நீராவி என்று பிரிவு இருக்கிறது. அறுபதுகளில் ஊட்டி வரைக்கும் நீராவிதான். இன்றைய வழக்கத்தை வைத்து அன்றைய படத்தைப் படித்திருந்தால் சரியான இடத்துக்கே தப்பான காரணத்தோடு போயிருப்போம்.

அந்தப் பகுதியில் ஆடர்லி, ஹில்குரோவ், ரன்னிமேடு, காட்டேரி ரோடு என்று சின்ன நிலையங்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் இணையத்தில் கிடைத்த படங்களை எடுத்துவைத்துக்கொண்டு கட்டடம் ரயிலுக்கு எந்தப் பக்கம், சரிவு எந்தப் பக்கம் என்று ஒப்பிட்டோம். எதுவும் பொருந்தவில்லை. கட்டடம் ஒத்துப்போனால் மலை மாறிய பக்கத்தில் இருந்தது. போர்டு ஒன்று இருந்தது, ஆனால் வலது ஓரத்தில். லென்ஸ் குழைத்துவிட்ட இடம். அதிலும் பெரியவரின் குடை ஒரு பக்கத்தை மறைத்தது, பெரியம்மாவின் தலை இன்னொரு பக்கத்தை. நடுவில் தெரிந்தது மூன்று உருவம். 3, அப்புறம் ஒரு வி போன்ற கோடு, அப்புறம் 0. ஸ்டேஷன் போர்டில் கடல் மட்டத்திலிருந்து எத்தனை உயரம் என்று போட்டிருப்பார்களே, அந்த எண்தான் என்று முடிவு செய்தேன். மூன்றில் தொடங்கிப் பூஜ்யத்தில் முடியும் உயரம், அடியில். ஒரு வாரம் அந்த எண்ணைத் துரத்தினேன். உயரம் போடுவது போர்டின் அடியில் சின்ன எழுத்தில், இந்த உருவங்களோ போர்டின் நடுவில் பெரிதாக இருக்கின்றன என்பதை நான் கவனித்திருக்க வேண்டும்.

ஐந்தாவது ஞாயிறு. மகள் திரையில் அம்மாவின் முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "தாத்தா, பாட்டி ஏன் தலைப்பை இந்தப் பக்கம் போட்டிருக்காங்க?"

அப்பா பார்த்தார். தலைப்பு வலது தோளில் இருந்தது. "உங்க பாட்டி அப்படிப் போட மாட்டாளே" என்றார். பெரியம்மாவின் தலைப்பும் வலது தோளில். அப்பாவின் சட்டைப் பை வலது பக்கம். வாட்ச் வலது கையில். அப்பா தன் இடது மணிக்கட்டைத் தூக்கிப் பார்த்தார். அறுபது வருஷமாக அங்கேதான் கட்டுகிறார்.

படம் இடம்வலம் மாறி அச்சாகியிருந்தது. நெகட்டிவில் ஒரு பக்கம் பளபளப்பாக இருக்கும், மறுபக்கம் மருந்து பூசிய மங்கலான பக்கம். நேரடி அச்சில் அந்த மங்கலான பக்கம் தாளின் மருந்துப் பக்கத்தோடு முகத்துக்கு முகம் படிய வேண்டும். திருப்பி வைத்துவிட்டால் படம் கண்ணாடியில் பார்ப்பது போல மாறிவிடும், பிலிமின் தடிமன் நடுவில் வருவதால் கொஞ்சம் மசமசப்பாகவும் ஆகும். முகங்களைப் பார்த்து யாரும் கண்டுபிடிக்க முடியாது. ஆண்களின் சட்டைப் பை, பெண்களின் தலைப்பு, வாட்ச் மூன்றும் இருந்தால் போதும். ஒன்றை மட்டும் நம்பக்கூடாது. வலது கையில் வாட்ச் கட்டுபவர்கள் உண்டு, குஜராத்திப் பாணியில் கட்டினால் தலைப்பு வலது தோளில்தான் வரும். மூன்றும் ஒன்றாக மாறியிருந்தால்தான் அச்சின் மேல் பழி போடலாம்.

ஸ்கேனை அப்படியே விட்டுவிட்டு, ஒரு நகலை எடுத்து அதை மட்டும் திருப்பினேன். போர்டு இடது பக்கம் வந்தது. 0 இருந்த இடத்தில் ஆங்கில ஓ. வி அப்படியே வி. கடைசியில் 3 இருந்த இடத்தில் இ. ஓவும் வியும் கண்ணாடியிலும் மாறாத எழுத்துகள். இ மட்டும் திரும்பி, 3 வேஷம் போட்டு எங்களை ஒரு வாரம் அலையவிட்டிருக்கிறது. அது உயரம் இல்லை, ஊரின் பெயர்.

"லவ்டேல்!" என்றார் அப்பா உடனே. ஊட்டிக்கு முந்தைய நிலையம். அதன் ஆங்கிலப் பெயரின் நடுவில் ஓ, வி, இ வரும். ஹில்குரோவின் ஆங்கிலப் பெயர் முடிவதும் அதே மூன்று எழுத்தில். குடையும் தலையும் இரண்டு பக்கமும் மறைத்திருப்பதால், முன்னாலும் பின்னாலும் வேறு எழுத்து இருக்கிறதா என்று பார்க்க வழியில்லை. அப்பாவின் முகத்தில் ஜெயித்த சந்தோஷம்.

மகள் தன் பழைய சீட்டைத் தேடி எடுத்தாள். ஐந்தாவது வரியில் விரலை வைத்தாள். "தாத்தா, லவ்டேல் குன்னூருக்கு மேலயா, கீழயா?"

"மேல."

"அப்போ பல்லு வச்ச கம்பி இருக்காதே."

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு திருப்பிய படத்தை ஹில்குரோவின் இன்றைய படங்களோடு பக்கத்தில் வைக்கச் சொன்னார். கட்டடம் இருக்க வேண்டிய பக்கத்தில் கட்டடம், சரிவு இருக்க வேண்டிய பக்கத்தில் சரிவு. எஞ்சின் மூலைக்கு மேலே நான் விளக்குக் கம்பம் என்று நினைத்திருந்த ஒன்று, தண்ணீர் விடும் குழாய்.

அந்தக் குழாயைப் பார்த்ததும் அப்பா பேச ஆரம்பித்தார். எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்க அங்கே நிறுத்துவார்கள். எல்லோரும் இறங்கிக் காலாற நடப்பார்கள். அம்மா கையில் ஒரு பொட்டலம் வைத்திருந்தார், வடையோ என்னவோ. குரங்கு ஒன்று கட்டடத்தின் ஓட்டிலிருந்து குதித்து அதைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. அம்மா பயந்து பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். படத்தில் பாருங்கள், அம்மாவின் கை பெரியம்மாவின் முழங்கையில் இருக்கிறது. ஒரு வாரமாக நாங்கள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம், யாரும் எழுதவில்லை. மகளின் ஒன்பது வரியில்கூட இல்லை.

குன்னூரில் காபி குடித்தது நிஜமாக இருக்கலாம், ஆனால் அது வேறு நிறுத்தம். அறுபதுக்குக் கிட்ட வருஷங்களில் இரண்டு நிறுத்தமும் அப்பாவின் மனசில் ஒன்றாகிவிட்டன. இடம் சரியானதும் இரண்டும் தானாகப் பிரிந்தன. இருந்தாலும் குரங்குக் கதையை நான் தனித்தாளில்தான் எழுதினேன், "அப்பா சொன்னது" என்று தலைப்புப் போட்டு, தேதியோடு. போர்டும் பல் பட்டையும் யாரும் பார்க்கக்கூடிய ஆதாரம். கதை அப்பாவுடையது. இரண்டையும் ஒரே வரியில் கலந்தால், இருபது வருஷம் கழித்து என் மகளால் பிரிக்க முடியாது.

அப்புறம் ஆல்பத்தைத் திரும்பச் சேர்த்தோம். பழைய காகித மூலைகளில் பாதிக்குப் பசை போய்விட்டது. நல்ல வெள்ளைத் தாளில் நாலு சென்டிமீட்டர் நீளம், ஒரு சென்டிமீட்டர் அகலத்தில் பட்டை வெட்டி, இரண்டு முனைகளையும் பின்னால் மடித்தால் ஒரு கூம்பு மூலை வரும். பசை மூலைக்கும் ஆல்பத் தாளுக்கும் நடுவில் மட்டும், படத்தில் ஒரு சொட்டுக்கூடப் படக்கூடாது. அப்பா வெட்டினார், மகள் மடித்தாள். முதலில் வந்த பத்து மூலைகள் கோணலாக இருந்தன, அவற்றையும் பயன்படுத்தினோம். படத்தின் பின்பக்கம் எழுத 4பி பென்சில், அதுவும் கண்ணாடிப் பலகையின் மேல் வைத்து, அழுத்தாமல், ஓரத்தில். பால்பாயின்ட் பேனா வேண்டாம். அதன் பள்ளம் முன்பக்கம் தெரியும், மையும் வருஷங்களில் ஊறி எதிர்ப்பக்கப் படத்துக்குப் போகும். கறுப்புத் தாளில் எழுத வெள்ளைக் கலர் பென்சில் போதுமானதாக இருந்தது.

68 படங்களில் 39 உறுதி. 17 இருக்கலாம். 12 தெரியாது.

தெரியாததில் ஒன்று, நடுவில் நீராழி மண்டபம் உள்ள ஒரு தெப்பக்குளம். படித்துறையில் அம்மாவும் பெரியம்மாவும் உட்கார்ந்திருக்கிறார்கள். கோபுரம் இல்லை, போர்டு இல்லை, பின்னால் எண் இல்லை, ஆல்பத்தில் முன்னும் பின்னும் வேறு வேறு பயணங்கள். தமிழ்நாட்டில் இப்படி எத்தனை குளம் இருக்கிறது என்று அப்பா விரல் விட்டு எண்ண ஆரம்பித்து, ஒரு கை முடிந்ததும் விட்டுவிட்டார். அவருடைய சீட்டில் மன்னார்குடி, மகளுடையதில் ஊர் காலியாக இருக்கிறது. பார்த்தது என்ற இடத்தில் அவள் எழுதியிருப்பது: மண்டபத்தின் தூண்கள், தண்ணீர் மட்டத்துக்கு மேல் ஏழு படி, கரையில் ஒரு தென்னை சாய்ந்து நிற்கிறது, பாட்டி இடது தோளில் தலைப்புப் போட்டிருக்கிறார். இரண்டு சீட்டையும் ஒரு கவரில் போட்டு அந்தப் பக்கத்தின் பின்னால் செருகியிருக்கிறோம்.

ஹில்குரோவ் படத்தை இடம்வலம் மாறிய நிலையிலேயே அதன் பழைய மூலைகளில் வைத்தோம், பெரியப்பா வைத்த இடம் அதுதான். திருப்பிய நகலை அச்செடுத்து எதிர்ப்பக்கத்தில் வைத்தாயிற்று. கீழே வெள்ளைப் பென்சிலில் மகளின் கையெழுத்து: "ஹில்குரோவ், 1969. ரயில் தண்ணீர் குடிக்கிறது. பாட்டி பெரிய பாட்டியின் கையைப் பிடித்திருக்கிறார்."